அறுபது நாள் கெடு

சென்னையில் பொறியாளர் ஒருவரை 2015இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. அவருடைய வேலைத்திறன் போதவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். அவர் விடவில்லை, தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், சட்டம் சொல்லும் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று நிறுவனம் வாதிட்டது. அவர் அன்றாடம் செய்த வேலை என்ன என்று நீதிமன்றம் பார்த்தது. அது தொழில்நுட்ப வேலைதான், அவர் தொழிலாளிதான் என்று முடிவு செய்து, முழுச் சம்பளப் பாக்கியுடன் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கும்படி 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

முழு வெற்றிதான். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின. மென்பொருள் துறையில் ஏழு ஆண்டு என்றால் கற்ற மொழிகளும் கருவிகளும் பாதி வழக்கொழிந்துபோகும் காலம். வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதுவரை காத்திருக்காது. சண்டை போடுவதா, கிளம்பிவிடுவதா என்று இன்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவர் இந்த வழக்கின் இரண்டு பக்கங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் பாதைதான் நீளம்.

அந்தக் கேள்வி பெரும்பாலும் ஒரு காகிதத்தில் தொடங்குகிறது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுக இருக்கும் அலுவலகங்களில் அதைப் ‘பிஐபி’ என்று மூன்றெழுத்தில் சொல்வார்கள். பெர்ஃபாமன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான் என்பதன் சுருக்கம். உங்கள் வேலையில் இன்னின்ன குறைகள், இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் வேலையிலிருந்து விடுவிப்பது உள்ளிட்ட நடவடிக்கை வரும் என்று மேனேஜர் எழுதி, ஹெச்.ஆர். வழியாகக் கொடுக்கும் ஆவணம் அது. கெடு பொதுவாக 30, 60 அல்லது 90 நாள்.

நிறுவனம் இதை ஏன் எழுத்தில் கொடுக்கிறது? ஒரு காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. நல்ல மேனேஜர் கையில் அது உண்மையிலேயே ஒருவரைத் தூக்கி நிறுத்தும் திட்டமாக இருக்கலாம். இன்னொரு காரணம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த ‘நியாயமான காரணம்’ பின்னாளில் கேட்கப்படும்போது எடுத்துக் காட்ட நிறுவனத்துக்கு ஒரு கோப்பு தேவை. பிஐபி அந்தக் கோப்பின் முதல் பக்கம்.

இதைப் புரிந்துகொண்டவருக்கு அடுத்து ஒன்று விளங்கும். கோப்பில் நிறுவனம் எழுதுவதைப் போலவே ஊழியரும் எழுதலாம். பெரும்பாலானோர் எழுதுவதில்லை. காகிதம் கைக்கு வந்த அன்று அவமானத்தில் கூனிக் குறுகி, வீட்டில் சொல்லாமல் மறைத்து, இரண்டு வாரம் வெறி பிடித்தாற்போல உழைத்து, மூன்றாவது வாரம் சோர்ந்து, கடைசி வாரம் ஹெச்.ஆர். அறையில் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த அறுபது நாளில் நிறுவனத்தின் பக்கம் மட்டுமே எழுதப்பட்டிருக்கும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை, அந்தக் காகிதத்தை ஒரு ஒப்பந்தத்தைப் படிப்பதுபோல வரிவரியாகப் படிப்பது. இலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதில் பாதி உண்மை வெளிப்பட்டுவிடும். ‘பொறுப்பை முன்வந்து ஏற்கும் மனப்பான்மையைக் காட்ட வேண்டும்’, ‘தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்த வேண்டும்’ போன்ற வரிகளை அறுபதாம் நாள் எப்படி அளப்பார்கள்? மேனேஜர் நினைத்தால் தேறியதாகவும் சொல்லலாம், தேறவில்லை என்றும் சொல்லலாம். இப்படிப்பட்ட வரிகள் மட்டுமே இருக்கும் பிஐபியில், முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்று சந்தேகப்பட நியாயம் உண்டு.

எண்ணில் எழுதிய இலக்கிலும் கண்ணி இருக்கலாம். சப்போர்ட் டீம் ஒன்றில் இருக்கும் ஊழியருக்கு, ‘ஒதுக்கப்படும் டிக்கெட்டுகளில் 95 சதவீதத்தைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும்’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தெளிவான இலக்குதான். ஆனால் அந்த டீமின் சராசரி என்ன? கடந்த ஆறு மாத டேஷ்போர்டில் டீம் முழுவதும் 82 சதவீதம்தான் முடித்திருக்கிறது என்றால், யாராலும் தொட முடியாத உயரத்தில் கம்பைக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். டிக்கெட்டை மூட வாடிக்கையாளர் தரப்பின் ஒப்புதல் வேண்டும், அது வர மூன்று நாள் ஆகும் என்றால், அந்த மூன்று நாள் யார் கணக்கில் போகிறது? தன் கையில் இல்லாத ஒன்றுக்குத் தான் பொறுப்பாக்கப்படுவதை ஊழியர் இந்தக் கட்டத்திலேயே சுட்டிக்காட்டிவிட வேண்டும். அறுபதாம் நாள் சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். ஐந்தாம் நாள் எழுத்தில் சொன்னால் ஆதாரம்.

காகிதத்துக்கு வெளியே பார்க்க வேண்டியவையும் உண்டு. கடந்த அப்ரைசலில் நல்ல ரேட்டிங், வாடிக்கையாளரின் பாராட்டு மின்னஞ்சல், எந்த எச்சரிக்கையும் இல்லை, திடீரென்று பிஐபி என்றால் இடையில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. புதிய மேனேஜர் வந்திருக்கலாம். பிராஜெக்டின் பட்ஜெட் குறைந்திருக்கலாம். ரேட்டிங்கில் இத்தனை சதவீதம் பேர் கடைசித் தட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற வளைகோட்டுக் கணக்கும் காரணமாக இருக்கலாம். அந்த முறையை மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் கைவிட்டது. ஆனால் அதன் மிச்சசொச்சம் பல நிறுவனங்களில் வெவ்வேறு பெயர்களில் உலவுகிறது.

இன்னும் நம்பகமான அடையாளம் மேனேஜரின் நேரம். வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசுவதாகக் காகிதத்தில் எழுதியிருப்பார். முதல் கூட்டம் நடக்கும். இரண்டாவது தள்ளிப்போகும். மூன்றாவதை அவரே ரத்து செய்வார். உங்களைத் தேற்ற விரும்பும் ஒருவர் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கிவிடுவார். கூட்டங்கள் ரத்தாகிக்கொண்டே இருக்கும்போது, ‘நீங்கள் பார்க்கிற மாட்யூலை இவருக்குக் கொஞ்சம் கேடி கொடுத்துவிடுங்கள்’ என்ற பேச்சும் வந்தால், அதற்கு மேல் அடையாளம் தேட வேண்டியதில்லை. உங்கள் நாற்காலிக்கு ஆள் தயாராகிறது.

பிஐபியின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கேட்பார்கள். ‘கையெழுத்துப் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே’ என்று பலர் பயந்து மறுக்கிறார்கள். மறுப்பதால் நன்மை இல்லை, ஒத்துழைக்கவில்லை என்று அதையும் கோப்பில் சேர்ப்பார்கள். ஆவணத்தைப் பெற்றுக்கொண்டேன், இதிலுள்ள மதிப்பீட்டை ஏற்றுக்கொண்டதாக ஆகாது, என் பதிலைத் தனியாக அனுப்புகிறேன் என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதிவிட்டுப் போடலாம். கணினியில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தால், அதை அழுத்திய கையோடு இதே வாசகத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்.

இரண்டு மூன்று நாளுக்குள் போக வேண்டிய அந்தப் பதில்தான் முழுக் கதையிலும் முக்கியமான ஆவணம். அதில் கோபம் வேண்டாம், மேனேஜரின் குணநலன் பற்றிய ஆராய்ச்சியும் வேண்டாம். பிஐபியில் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் நேராகத் தேதியோடு பதில். மார்ச் மாத டெலிவரி தாமதம் என்று எழுதியிருந்தால், தேவைப்பட்ட டேட்டாபேஸ் அனுமதி எந்தத் தேதியில் கேட்கப்பட்டது, எந்தத் தேதியில் கிடைத்தது என்ற இரண்டு வரி போதும். உண்மையிலேயே செய்த பிழை இருந்தால் அதை ஒப்புக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் மறுக்கும் பதிலை யாரும் நம்புவதில்லை. பிறகு கேள்விகள்: இந்த இலக்கை எப்படி அளப்பீர்கள், டீமின் சராசரி என்ன, எனக்கு என்ன பயிற்சி, யாருடைய உதவி, வாராந்தரக் கூட்டம் எந்தக் கிழமை? இவற்றுக்கு மேனேஜர் உருப்படியாகப் பதில் எழுதினால் திட்டம் உண்மையானது என்று நம்பி உழைக்கலாம். பதிலே வரவில்லை என்றால் அந்த மௌனமும் கோப்பில் ஏறிவிடுகிறது.

அதன் பிறகு ஒவ்வொரு கூட்டமும் முடிந்த அன்றே, பேசியதை ஐந்தாறு வரியில் எழுதி மேனேஜருக்கு அனுப்பி ஹெச்.ஆருக்கும் நகல் போட வேண்டும். ‘இந்த வாரம் 22 டிக்கெட்டில் 20 நேரத்துக்குள் முடிந்தன என்று பார்த்தோம், முன்னேற்றம் திருப்தி என்றீர்கள்’ என்று மூன்றாம் வாரம் எழுதிய மின்னஞ்சல் கணினியில் இருந்தால், எட்டாம் வாரம் ‘எந்த முன்னேற்றமும் இல்லை’ என்று எழுத எந்த மேனேஜருக்கும் கை கொஞ்சம் தயங்கும். ஒரு எச்சரிக்கை: அலுவலகக் கோப்புகளையும் வாடிக்கையாளர் தகவல்களையும் சொந்த மின்னஞ்சலுக்கு மொத்தமாக அனுப்பிவிடக் கூடாது. பிஐபியை விட்டுவிட்டு, தகவல் திருட்டு என்று நீக்க நிறுவனத்துக்கு நாமே வழி செய்து கொடுத்ததாகிவிடும். பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அப்ரைசல் கடிதம், பிஐபி நகல், அதற்கு எழுதிய பதில் போன்ற தனக்கே உரிய ஆவணங்களை மட்டும் வெளியே வைத்திருந்தால் போதும். தேதிவாரியான குறிப்புகளை வீட்டில் ஒரு நோட்டில் கையால் எழுதிக்கொள்ளலாம்.

சரி, இருப்பதா, போவதா? இந்தக் கேள்வியை மானம், ரோஷம் என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் தப்பான விடை வரும். பணத்தையும் நாளையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும். கணக்குக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நிறுவனத்தில் 4 ஆண்டு 4 மாதம் வேலை பார்த்தவர். கைக்கு வரும் சம்பளம் 80,000 ரூபாய், கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் சம்பளம் 45,000. வீட்டுக் கடன் தவணை 30,000. பிஐபி 60 நாள், நோட்டீஸ் பீரியட் 90 நாள்.

ரோஷத்தில் அன்றே பேப்பர் போட்டுவிட்டால், நோட்டீஸ் முடியும்போது அவர் பணிக்காலம் 4 ஆண்டு 7 மாதம். பிஐபியை முழுதாகப் பார்த்துவிட்டு அதன் பிறகு நோட்டீஸ் கொடுத்தால் 4 ஆண்டு 9 மாதம். நடுவில் இரண்டே மாதம்தான் வித்தியாசம். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் கிராஜுவிட்டி இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு வேண்டும் என்பது பொது விதி. நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்தாண்டு தொடர் பணியாகக் கொள்ளலாம் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்கு எளிது: சம்பளத்தை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அது முழு ஆண்டு. 45,000 ரூபாய்க்கு ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1,29,800 ரூபாய். இரண்டு மாதச் சம்பளம் 1,60,000. ஆக, அன்றைக்கே பேப்பர் போடுவதற்கும் அறுபது நாள் பொறுத்திருப்பதற்கும் இடையே சுமார் 2,90,000 ரூபாய் இருக்கிறது. அந்த வீட்டுக்கு அது ஒன்பது மாதத்துக்கும் மேலான கடன் தவணை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிஐபி முடிந்த அன்றே, ‘நோட்டீஸ் சம்பளத்தைக் கொடுத்துவிடுகிறோம், நாளை வர வேண்டாம்’ என்று நிறுவனம் சொல்லிவிட்டால் பணிக்காலம் 4 ஆண்டு 6 மாதத்தோடு நின்றுவிடும். 240 நாள் கணக்கை எல்லா நிறுவனங்களும் மறுபேச்சில்லாமல் ஏற்பதும் இல்லை. ஆகவே பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது தன் பணிக்காலம் எந்தத் தேதியில் எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். ‘கடைசி வேலை நாள் இந்தத் தேதியாக இருக்கட்டும்’ என்று கேட்பது பல நேரம் கூடுதல் ஒரு மாதச் சம்பளம் கேட்பதைவிட எளிதாகக் கிடைக்கும். சேரும்போது வாங்கிய போனஸைத் திருப்பிக் கட்ட வேண்டிய நிபந்தனை எப்போது முடிகிறது, வேரியபிள் பே எந்த மாதம் வருகிறது, அம்மா அப்பாவுக்குச் சேர்த்த மருத்துவக் காப்பீடு எந்த நாளோடு நிற்கும் என்பவற்றையும் இதே தாளில் எழுதிப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கிலிருந்து வரும் முடிவு பலருக்கு ஒன்றுதான். பிஐபியை எழுத்தில் எதிர்கொண்டபடியே முதல் வாரத்திலிருந்து வேறு வேலை தேடுவது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கையில் வேலை இருக்கும்போது போகும் நேர்காணலுக்கும், வேலை போன பிறகு போகும் நேர்காணலுக்கும் சம்பளப் பேச்சில் பெரிய வித்தியாசம் உண்டு. உள்ளுக்குள்ளேயே வேறு டீமுக்கு மாறிவிடலாம் என்ற யோசனை பலருக்கு முதலில் வரும். ஆனால் பிஐபியில் இருப்பவர் உள் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க முடியாது என்று பல நிறுவனங்களில் விதி இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விட்டுவிட வேண்டியதுதான்.

பிஐபியில் தேறிவிட்டால்? தேறுபவர்கள் உண்டு. குறை உண்மையாக இருந்து, இலக்கு அளக்கக்கூடியதாக இருந்து, மேனேஜர் வாரவாரம் உட்கார்ந்திருந்தால் தேறலாம். அப்படிப்பட்டவர் வேலை தேடுவதை நிறுத்துவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். தேறிவிட்டதாக எழுத்தில் கடிதம் வந்ததா? அடுத்த அப்ரைசலில் அந்தப் பழைய பிஐபி மறுபடி எட்டிப் பார்க்குமா? கடிதம் வராமல் ‘பரவாயில்லை, பார்த்துக்கலாம்’ என்ற வாய்மொழியோடு முடிந்தால் தேடலைத் தொடர்வதே புத்திசாலித்தனம்.

முழுமூச்சாகச் சண்டை போட வேண்டிய சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. பிஐபிக்குப் பின்னால் இருப்பது வேலைத்திறன் அல்ல, வேறொன்று என்று காட்ட முடிகிற சந்தர்ப்பங்கள் அவை. பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்புக் காலத்தில் நீக்குவது சட்ட விரோதம். டிசிஎஸ்ஸில் 2015 ஜனவரியில் நடந்த பணிநீக்கங்களின்போது, கர்ப்பிணி ஊழியர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கினார். நிறுவனம் அந்தப் பணிநீக்கத்தைத் திரும்பப் பெற்றது. ஏழு ஆண்டு போராடியவரின் வழக்கும் இதே நிறுவனம், இதே ஆண்டுதான். கைவசம் இருந்த காரணத்தைப் பொறுத்து ஒருவருக்குச் சில வாரம், இன்னொருவருக்கு ஏழு ஆண்டு.

பாலியல் தொந்தரவு குறித்துப் புகார் கொடுத்த பெண்ணுக்குச் சில வாரம் கழித்துப் பிஐபி வருவது இன்னொரு வகை. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2013இல் வந்த விதிகளில், விசாரணை நடக்கும் காலத்தில் புகாருக்கு உள்ளானவர் அந்தப் பெண்ணின் வேலைத்திறன் பற்றி அறிக்கை எழுதக் கூடாது, அந்தப் பொறுப்பை வேறு அதிகாரிக்கு மாற்ற வேண்டும் என்று உட்குழு பரிந்துரைக்கலாம். அந்தப் பெண் எழுத்தில் கேட்டால்தான் அது நடக்கும். புகார் கொடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

இப்படிப்பட்ட தனிக் காரணம் இல்லாத பொது வழக்குகளில் முதல் கேள்வி, ‘நீங்கள் தொழிலாளியா?’ என்பதுதான். பதவிப் பெயரில் மேனேஜர் என்று இருந்தால் முடிந்தது கதை என்று பலர் நினைக்கிறார்கள். நீதிமன்றம் பார்ப்பது செய்த வேலையை. கோடு எழுதினாரா, டெஸ்ட் செய்தாரா, அல்லது ஆள் எடுக்கவும் நீக்கவும் விடுப்பு அனுமதிக்கவும் அதிகாரம் வைத்திருந்தாரா? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் அந்த வரையறைக்கு வெளியே. தொழில்நுட்ப வேலை செய்பவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் உள்ளே. காலக்கெடுவில்தான் கவனம் வேண்டும். பழைய சட்டத்தில் பணிநீக்கத்தை எதிர்த்துத் தகராறு எழுப்ப மூன்று ஆண்டு இருந்தது, புதிய தொகுப்பில் அது இரண்டு ஆண்டு. கடைகள் சட்டத்தின் 41ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்ய வெறும் 30 நாள். வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்றால் நீக்கிய பிறகு போவதைவிட, பிஐபி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை போய், கையிலிருக்கும் காகிதங்களைக் காட்டிவிட்டு வருவது மேல். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைத்துக்கொள்ளத் தடை இல்லை என்று தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது. சென்னையில் இந்தத் துறைக்கென்று இயங்கும் அமைப்புகளுக்கு இந்த வழக்குகள் பழக்கமானவை.

இனி அந்த அறை. கெடு முடியும் நேரத்தில் ஹெச்.ஆரிலிருந்து ஒரு மீட்டிங் அழைப்பு வரும், தலைப்பு எதுவும் இருக்காது. உள்ளே இரண்டு பேர் இருப்பார்கள். ‘பாருங்க, டெர்மினேட் பண்ணினா உங்க ரெக்கார்ட்லதான் நிக்கும். நீங்களே பேப்பர் போட்டுட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வந்துடும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடலாம்’ என்று இதமாகத்தான் பேச்சு தொடங்கும். 2017இல் டெக் மஹிந்திராவில் நடந்த இப்படியொரு உரையாடல் ஒலிப்பதிவாக வெளியே வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் ராஜினாமா செய்ய வேண்டும், இல்லையென்றால் நீக்கப்படுவீர்கள் என்று ஊழியரிடம் சொன்னது நாடு முழுவதும் கேட்டது. ஆனந்த் மஹிந்திரா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

ஹெச்.ஆர். சொல்வதில் உண்மையும் இருக்கிறது. ராஜினாமா செய்தவருக்கு அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பு எளிது. அவர்கள் சொல்லாமல் விடுவது மறுபாதி. ராஜினாமா எழுதிக் கொடுத்த நொடியில், ‘என்னை நீக்கினார்கள்’ என்று கேட்கும் உரிமை கிட்டத்தட்ட போய்விடும். மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில் விழும். அந்தக் கையெழுத்து நிறுவனத்துக்கு மிக மதிப்புள்ளது. அதனால்தான் அவ்வளவு அவசரம். மதிப்புள்ள ஒன்றை ஏன் சும்மா கொடுக்க வேண்டும்?

அந்த அறையில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: ‘யோசிச்சு ரெண்டு நாள்ல பதில் சொல்றேன், நீங்க சொன்னதை மெயில்ல அனுப்பிடுங்க.’ அணுகலைத் துண்டித்தாலும், லேப்டாப்பை வாங்கிக்கொண்டாலும் அன்று கையெழுத்து வேண்டாம். வீட்டுக்கு வந்த அன்று இரவே, என்ன பேசப்பட்டது, யார் யார் இருந்தார்கள், என்ன நேரம் என்று சொந்த மின்னஞ்சலிலிருந்து ஹெச்.ஆருக்கு எழுதிவிடலாம். பிறகு பேரம். நோட்டீஸ் பீரியட் முழுச் சம்பளம், அதற்கு மேல் ஒன்றிரண்டு மாதம், மீதமுள்ள விடுப்புக்கான பணம், கடைசி வேலை நாள் எது, ரிலீவிங் லெட்டரிலும் அனுபவச் சான்றிதழிலும் என்ன வாசகம், சரிபார்ப்புக்கு யாராவது கேட்டால் ஹெச்.ஆர். என்ன சொல்லும் என்பவை எல்லாம் பேரத்துக்கு உரியவை. பிஐபிக்கு எழுதிய பதிலும் வாராந்தர மின்னஞ்சல்களும் இங்கேதான் வேலை செய்யும். நல்ல கோப்பு வைத்திருப்பவரிடம் நிறுவனம் பேசும் தொனியே வேறு.

நிறுவனம் இறங்கி வரவே இல்லை, வேறு வேலையும் கையில் இல்லை, காரணமும் தவறு என்றால், நீக்கட்டும் என்று விட்டுவிடுவதும் ஒரு வழிதான். நீக்கல் கடிதத்தில் அவர்கள் எழுதும் காரணம்தான் பின்னால் நடக்கும் வழக்கின் அடித்தளம். ஆனால் ஏழு ஆண்டு ஆனாலும் பரவாயில்லை, இடையில் பிழைக்க வேறு வழி இருக்கிறது என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுத்தவர்களுக்கே அது பொருந்தும். வேறு வேலை கிடைத்துவிட்டவர் நல்ல வாசகமுள்ள கடிதத்தோடு கிளம்புவதில் எந்த இழுக்கும் இல்லை.

கிளம்பும்போதும் சில்லறை வேலைகள் பாக்கி. சம்பளச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தாலும் நீக்கப்பட்டாலும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். 45 நாள் ஆகும் என்ற பழைய பேச்சைக் கேட்டால் இந்த விதியைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பலாம். லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வருங்கால வைப்பு நிதித் தளத்தில் யுஏஎன் கணக்கைத் திறந்து, வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா, அது ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பு ஏஜென்சி முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். இரண்டு தேதிக்கும் இரண்டு வாரம் இடைவெளி இருந்தால், பிஐபி பற்றி யாருக்கும் எதுவும் தெரியாமலேயே ஆஃபர் தாமதமாகக்கூடும். திருத்தத்துக்குப் பழைய நிறுவனத்தின் உதவி தேவைப்படலாம் என்பதால், ஹெச்.ஆரில் பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே, முதல் மாதத்திலேயே அதைக் கேட்டு முடித்துவிட வேண்டும்.